கோன் வரைக்கும் ரோடுதான்

வரிசையில் நிற்பதை ஒழுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் என்பதால் பள்ளிக்கூடம் சொன்னதையெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு சாலையோரத்தில், ஆரஞ்சுக் கோன்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது புளித்துப் போனது.

சாலைக்கு அடியில் குழாய் பதிக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. தோண்டுவது என் வேலை இல்லை. தோண்டுகிற இடத்தைச் சுற்றி வண்டிகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. லிட்டில் இந்தியாவை நோக்கிப் போகிற ஒரு சாலையில், ஒரு திசையில் இரண்டு லேன். அதில் இடது லேனை மூடித் தோண்டினோம். முன்னாலேயே பலகை வைத்திருப்போம், இடது லேன் மூடப்பட்டுள்ளது என்று. அதன்பிறகு கோன்களைச் சாய்வாக அடுக்கி, இடது லேனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கி, வலது லேனுக்குள் தள்ளிவிடுவோம். கோன் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் இடது லேன் திறந்த சாலைதான்.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பலகை கண்ணில் பட்டால் போதும், அங்கேயே வலது பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். முன்னால் ஒருவன் ஒதுங்கினால் பின்னால் வருகிறவன் அவனுக்குப் பின்னால். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். காலையில் எட்டு மணி வாக்கில் பார்த்தால் வலது லேனில் ஊரே நிற்கும். இடது லேனில் புறா நடக்கும்.

கொடி பிடிக்கிற அண்ணன் ஒருவர் எங்கள் தளத்தில் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, எங்க ஊர்ல பஸ்ஸுக்கே க்யூ நிக்க மாட்டோம். இங்க ரோட்டுல கூட நிக்கிறானுங்களே. முன்னாடி என்ன, இலவசமா டிவி குடுக்குறாங்களா?"

சிரித்தேன். சிரிக்கிற விஷயமாக அது நீடிக்கவில்லை. வரிசையின் வால் வளர்ந்து வளர்ந்து பின்னாலிருந்த சிக்னல் சந்திப்புக்குள் நுழைந்துவிடும். எந்த வண்டியும் நிற்கக் கூடாத மஞ்சள் கட்டத்துக்குள் வண்டிகள் நிற்கும். குறுக்கே போக வேண்டியவனுக்குப் பச்சை விழுந்தாலும் போக வழியில்லை. கிளைச்சாலையிலிருந்து திரும்புகிற பஸ் பாதி உடம்போடு மாட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் பக்கத்திலேயே ஒரு லேன் முழுசாகக் காலியாகக் கிடக்கும்.

இரண்டு லேனிலும் கடைசிவரை வந்து, கோன் ஆரம்பிக்கிற இடத்தில் இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று மாறி மாறி நுழைந்தால் வால் பாதியாகிவிடும். சந்திப்பு திறந்துவிடும். ஒடுங்கின வாய் வழியாகப் போகிற வண்டிகளின் எண்ணிக்கை அதனால் பெரிதாகக் கூடிவிடாது, வாய் அதே வாய்தான். ஆனால் பின்னால் இருப்பவன் கழுத்தை யாரும் நெரிக்க மாட்டார்கள். இரண்டு லேனும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் எவனும் எவனையும் பாய்ந்து தாண்டவும் முடியாது. சாலை காலியாக, வண்டிகள் வேகமாகப் போகிற நேரத்துக்கு இது தேவையில்லை. அப்போது இடைவெளி கிடைத்ததும் முன்கூட்டியே மாறிவிடுவதுதான் நல்லது. நெரிசலில், ஊர்ந்து போகும்போது, கடைசியில் சேர்வதுதான் முறை.

இதைப் பலகையாக எழுதி வைக்கலாமா என்று என் மேலாளரிடம் கேட்டேன். 'இரண்டு லேனிலும் வாருங்கள், முறைவைத்துச் சேருங்கள்.' அவ்வளவுதான் வாசகம்.

"அப்ரூவ் பண்ண பிளான்ல இருக்கா?" என்றார்.

"இல்லை."

"அப்ப இல்லை லா."

அத்தோடு அந்தப் பலகை முடிந்தது.

என் அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார். விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் ஏற்றி, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குக் கொண்டுவந்து இறக்குவார். கடைப்பெயர் லாரியின் இரண்டு கதவிலும் பெரிதாக எழுதியிருக்கும். பல வருஷமாக அதே கடை, அதே முதலாளி. எங்கள் தளம் அவருடைய வழியில்தான் இருந்தது. ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது என் மழைக்கோட்டு ஜிப்பைக் காட்டி அவருக்கு விளக்கினேன்.

"பாருங்கப்பா, ரெண்டு பக்கப் பல்லும் கடைசி வரைக்கும் தனித்தனியாத்தான் வருது. இந்த இடத்துல வந்துதான் ஒன்னு மாத்தி ஒன்னு சேருது."

"அது சட்டைடா. இது மனுஷன். அத்தனை பேரு நிக்கிறான், நான் மட்டும் பக்கத்துல சர்ருனு போனா அசிங்கமா இருக்காது?"

"எல்லாரும் ரெண்டு லேன்லயும் வந்தா நீங்க யாரையும் தாண்டவே முடியாதுப்பா. அந்த லேன் காலியா இருக்கறதாலதான் அசிங்கமா தெரியுது."

"அப்ப எல்லாரும் வரட்டும். நானும் வரேன்," என்றார். அம்மா சிரித்தாள். பேச்சு முடிந்தது.

அப்பா வரிசையை மதிப்பவர். வாந்தோன் மீ நூடுல்ஸ் வாங்க நின்றால்கூட முன்னால் நிற்பவருக்கு ஒரு கை தள்ளித்தான் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை காலை கிளைச்சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பினார். இடது திரும்பினால் இடது லேனில்தான் போய் விழ முடியும். வலது லேன் அடைத்து நின்றது. அதில் நுழைய வேண்டுமென்றால் திரும்பின இடத்திலேயே, சந்திப்பின் வாயிலேயே, சிக்னல் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவருக்குப் பின்னால் ஒரு பஸ். ஹாரன் அடித்தது. அப்பா நிற்கவில்லை. காலியாக இருந்த தன்னுடைய லேனிலேயே மெதுவாகக் கோன்வரை வந்தார். சிக்னல் போட்டார். யாராவது ஒருவன் விடுவான் என்று காத்திருந்தார்.

அப்போது வலது லேனில் இருந்த ஒரு வெள்ளைக் கார் நடுக்கோட்டின் மேல் ஏறியது. அதை நான் பார்த்தேன். பாதி உடம்பு அந்த லேனில், பாதி உடம்பு இந்த லேனில். லாரிக்கு வழி இல்லை. பின்னால் வந்த பஸ்ஸுக்கும் வழி இல்லை. முன்னால் நகர இடம் இருந்தும் அந்த ஆள் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்து என்னவோ கத்தினான். வேலியைத் தாண்டிக் கொடி அண்ணன் ஓடிப்போய்க் கையை ஆட்டியபிறகுதான் நகர்ந்தான். ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டு லேனையும் ஒருவன் அடைத்து நின்ற அழகை அன்றுதான் பார்த்தேன்.

அவனுக்குப் பின்னால் இருந்த இன்னொரு காரில் கேமரா இருந்திருக்கிறது. மாலைக்குள் வீடியோ இணையத்தில் வந்துவிட்டது. அப்பா சந்திப்பில் திரும்பினது அதில் இல்லை. பஸ் இல்லை. லாரி வரிசையைத் தாண்டிப் போவதிலிருந்து ஆரம்பித்து, கதவிலிருந்த கடைப்பெயர் தெளிவாகத் தெரிகிற இடத்தில் முடிந்தது. கீழே கருத்துகள். உரிமத்தைப் பிடுங்கு. வெட்கமில்லாதவன். எங்கிருந்து வந்தானோ அங்கேயே அனுப்பு. என் அப்பா இதே ஊரில், தோ பாயோவில் பிறந்தவர். அதைவிட மோசம் தமிழில் எழுதியிருந்த ஒரு கருத்து: 'ஊர்லேர்ந்து இப்ப வந்த ஆளுங்களாலதான் நம்ம பேரு கெடுது.' அதற்கு நிறைய இதயங்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் வந்தது. போட்டவர் சித்தப்பா. கூடவே கும்பிடுகிற கைகள் நான்கைந்து. "அண்ணே, பொறுமை வேணும்ணே." இதே சித்தப்பா எக்ஸ்பிரஸ்வேயில் வெளியேறுகிற லேனில் வரிசை நின்றால், கடைசிவரை பக்கத்து லேனில் வந்து மூக்கை நுழைக்கிறவர். அதுதான் உண்மையில் வரிசை வெட்டுவது. அங்கே எந்த லேனும் முடியவில்லை. நேராகப் போகிறவனுடைய லேனை மறித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். அந்த வித்தியாசத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அம்மா போனைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். பக்கத்தில் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை, அந்தக் கையைக் கட்டினது.

"தம்பி, வாங்க. பாத்தீங்கல்ல? கடை பேரு சந்தி சிரிக்குது. என் மாமியார் வீட்டுலேர்ந்து போன் வருது."

"அங்கிள், அப்பா செஞ்சது தப்பே இல்லை. அந்த லேன் கோன் வரைக்கும் திறந்துதான் இருக்கு. நான்தான் அந்தக் கோனை வெச்சவன். ரெண்டு லேன்லயும் வந்து, ஜிப் மாதிரி ஒன்னு விட்டு ஒன்னு..."

"படிச்ச புள்ள, நல்லா பேசுறீங்க. ஜிப்பு, பட்டனு எல்லாம் சரி. இதை அங்க கமெண்ட் போடுற ஆயிரம் பேர்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்களா?"

"நான் சொல்றேன்."

"சொல்லாதீங்க. இன்னும் நாலு நாளு ஓடும்."

அவர் முடிவுசெய்து வைத்திருந்தார். அப்பா லாரிக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்கிற வீடியோ எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட வேண்டும். இல்லையென்றால் லாரிக்கு வேறு ஆள். அவருடைய மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். நான் வரிசையை வெட்டினேன், அது என் தவறு, கடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன்.

"அப்பா, வேணாம்," என்றேன். "செய்யாத தப்புக்கு எதுக்கு?"

"விடுடா."

"லாரி ஓட்ட வேற எடம் இல்லையா?"

"இந்த வீடியோவோட எந்த எடத்துக்குடா போறது?"

அப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த வேலை மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது. ஒழுங்கான டிரைவர் என்று அந்தத் தெருவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் திரும்ப வாங்க, அதையே இல்லையென்று சொல்லச் சொன்னார்கள். வெங்காய மூட்டைகளுக்கு முன்னால் லாரியை நிறுத்தி, முதலாளியே போனைப் பிடித்தார். "கொஞ்சம் தலையைக் குனிஞ்ச மாதிரி, ஆங்." முதல் தடவை அப்பாவுக்கு ஒரு ஆங்கில வார்த்தை தடுக்கியது. திரும்ப எடுத்தார்கள். நான் பக்கத்துக் கடை மல்லிகைச் சரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வாசனை இப்போதும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மன்னிப்பு வீடியோவுக்குக் கைதட்டல்கள் வந்தன. பெரிய மனசு என்று முதலாளியைப் பாராட்டியிருந்தார்கள்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆரம்பித்தார். கிளைச்சாலை வழியை விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு நேர்வழியில் வந்து வாலில் சேர்வார். மஞ்சள் கட்டத்துக்குள் நிற்க மாட்டேன் என்று சிக்னலுக்கு இந்தப் பக்கமே பச்சையிலும் நிற்பார், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். தளத்தில் நின்று பார்ப்பேன். காலி லேனுக்குப் பக்கத்தில், அங்குலம் அங்குலமாக, கடைப்பெயரைச் சுமந்துகொண்டு லாரி வரும். என்னைக் கடக்கும்போது அப்பா முன்னால் இருக்கிற வண்டியைத்தான் பார்ப்பார்.

"அப்பாரு விரதம் இருக்காரு போல," என்றார் கொடி அண்ணன்.

கடைக்குச் சரக்கு தாமதமாகப் போனது. கீரை வாடியது. வீரமாகாளியம்மன் கோயில் பக்கமிருந்து வருகிற காலை வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அப்பா வேண்டுமென்றே இழுக்கிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். ஒரு கல்யாண ஆர்டர் இருந்த காலையில், வாழையிலைக் கட்டும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு, அவரே லாரியில் ஏறி உட்கார்ந்து வந்தார்.

எங்கள் பலகைகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க நடைபாதையில் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தேன். லாரி வலது லேனில் நின்றது. முதலாளி இடதுபக்க ஜன்னலில், எனக்கு எதிரே, நடுவில் காலி லேன். நான் அருகில் போவதற்கு முன்பே அவருடைய குரல் கேட்டுவிட்டது.

"யோவ், பக்கத்துல காலியா கெடக்கு. போயேன்யா!"

அப்பாவின் குரல் அமைதியாக இருந்தது. "அது க்யூ வெட்டறது பாஸ்."

"எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன் பாஸ். வீடியோல. நீங்கதானே புடிச்சீங்க."

முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பார்த்த இடத்தில் நான் இருந்தேன்.

"தம்பி! நல்ல வேளை. அன்னிக்கு என்னமோ சொன்னீங்களே, ஜிப்புனு. அதைக் கொஞ்சம் உங்கப்பாகிட்ட சொல்லுங்க. கோன் வரைக்கும் போலாம்ல?"

"போலாம் அங்கிள். கோன் வரைக்கும் ரோடுதான்."

"பாரு, ஆபீசரே சொல்றாரு! போய்யா."

அப்பா ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த கார் ஓர் அடி நகர்ந்தது. அவரும் ஓர் அடி நகர்ந்தார்.

"அந்த மன்னிப்பு வீடியோ இருக்கற வரைக்கும் நான் போக மாட்டேன் பாஸ். நாளைக்கு எவனாச்சும் புடிச்சா, இவன் திருந்தவே இல்லைம்பான். அது போகட்டும், நான் போறேன்."

"இப்ப இங்கயா?"

"கல்யாண வீட்டுல எத்தனை மணிக்குப் பந்தி பாஸ்?"

என் அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், வாழையிலைக் கட்டைத் திரும்பிப் பார்த்தார், போனை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்த பாராட்டுகளை ஒரு தடவை படித்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு அழுத்தினார்.

"எடுத்தாச்சு. போதுமா?"

"தம்பி, உன் போன்ல பாரு," என்றார் அப்பா என்னிடம்.

பார்த்தேன். இல்லை. தலையாட்டினேன்.

அப்பா இடது சிக்னல் போட்டார். கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, காலி லேனுக்குள் வந்தார். பாயவில்லை. வலது லேனின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நான் நடைபாதையில் வேகமாக நடந்தே கூடப் போக முடிந்தது. பின்னால் ஒரு பஸ் அவரைப் பார்த்து அதே லேனுக்கு மாறியது. அதற்குப் பின்னால் ஒரு வேன். கோன் ஆரம்பிக்கிற இடத்தில் அப்பா வலது சிக்னல் போட்டார். ஒரு கார் போனது. அடுத்து வந்த டாக்சிக்காரர், வயதான சீனர், பிரேக்கை லேசாக மிதித்து இடம் விட்டார். லாரி நுழைந்தது. பின்னால் ஒரு கார், அதன்பின் பஸ், அதன்பின் ஒரு கார், அதன்பின் வேன். கொடி அண்ணன் கொடியைக் கீழே இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார். எந்தப் பலகையும் இல்லாமல் கொஞ்ச நேரம் அது தானாகவே நடந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவிடாமல் செய்தது முதலாளிதான். பின்னால் நுழைய வந்த இன்னொரு வேனை ஒரு கருப்புக் கார் ஒட்டிப் போய் மறிக்கப் பார்த்தது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, அந்தக் காரைப் பார்த்து முதலாளி கத்தினார்.

"ஒன்னு விட்டு ஒன்னுய்யா! ஒழுங்கு தெரியாது? இதுகூட தெரியாம எதுக்குய்யா வண்டி எடுத்துட்டு வரீங்க?"

அன்றிலிருந்து கடையில் வருகிறவர்களிடமெல்லாம் ஜிப் கதை சொல்கிறாராம். யாரிடமிருந்து கேட்டதென்று சொல்வதில்லை. அப்பாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அப்பாவைப் பிடித்த அந்த முதல் வீடியோ இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சித்தப்பா போட்ட கும்பிடுகிற கைகள் குழுவில் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கடந்து மேலே தள்ளும்போதெல்லாம் என் வாயில் கசக்கிறது.

லாரி லேன் மாறின அன்று இரவு, அப்பா சாப்பிட்டு எழுந்தார். தட்டைக் கழுவப் போகும்போதுதான் சொன்னார்.

"அந்த டாக்சிக்காரருக்கு நான் கை காட்டினேன்டா. அவரும் திருப்பிக் காட்டினாரு. நீ பாத்தியா?"

"பாத்தேன்பா."

பார்க்கவில்லை. அப்போது நான் முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.